மருந்து நேர நினைவூட்டல் செயலிக்குச் சோதனையாளர்கள் தேவை

மருந்து உட்கொள்ள வேண்டிய நேரத்தை நினைவூட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். பொது வெளியீட்டுக்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க நண்பர்களின் உதவி தேவைப்படுகிறது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள போன் வேண்டும். புதிய தனிநபர் கணக்கில் வெளியிடுவோருக்குக் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இணைந்திருக்க வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி என்பதால், இடையில் விலகாமல் இருக்க இயன்றவர்கள் மட்டும் முன்வருமாறு கேட்டுக்கொள்கிறேன். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

போன் நெடுநேரம் அசையாமல் கிடக்கும்போது, பேட்டரியைச் சேமிப்பதற்காக ஆண்ட்ராய்டு பின்னணி வேலைகளை ஒத்திப்போடுகிறது. அதனால் நினைவூட்டல் தாமதமாகிறதா என்பதே நான் முக்கியமாக அறிய விரும்புவது. ஆகவே இரவில் சார்ஜரில் இணைக்காமல் போனை மேசைமேல் வைத்துவிட்டு, காலை 6 மணிக்கு ஒரு நினைவூட்டல் அமையுங்கள். அது 6:20க்கு வந்தாலோ, திரையைத் திறந்த பிறகே வந்தாலோ, போனின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, வந்த நேரம், பேட்டரி சேமிப்பு இயக்கத்தில் இருந்ததா ஆகியவற்றைப் பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் சோதனையாளர்களுக்கென உள்ள கருத்துப் பகுதியில் எழுதுங்கள். “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் காரணத்தைக் கண்டுபிடிக்க இயலாது.

சோதனைக் காலத்தில் உங்கள் உண்மையான மருந்துக்கு இச்செயலியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். விருப்பமுள்ளவர்கள், பிளே ஸ்டோரில் பயன்படுத்தும் ஜிமெயில் முகவரியை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள்.