"குழாய் கடைசியில்தானே மாட்டுவீர்கள்?"

டைல்ஸும் ஃபிட்டிங்ஸும் முடிவாகாததால் வேலையை நிறுத்தி வைக்கிறோம் என்று ஒப்பந்தக்காரர் கடிதம் கொடுத்தால், வீட்டுக்காரர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. பளபளப்பான குழாயும் ஷவரும் சுவரில் ஏறுவது பெயின்ட் அடிக்கும் நாட்களில்தான். ஆனால் குளியலறையில் தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரின் உடல் பகுதி பூச்சுக்கு முன்பே சுவருக்குள் போயாக வேண்டும். வெளியே தெரியும் மூடியும் கைப்பிடியும்தான் கடைசியில் வரும். ஒரு நிறுவனத்தின் உடலில் இன்னொரு நிறுவனத்தின் மூடி பொருந்தாது. அதனால் "எந்த மாடல்" என்ற முடிவு, டைல்ஸ் முடிவுக்கும் முன்னால் தேவைப்படுகிறது. இந்த வரிசையைச் சொல்லாத நிறுத்தக் கடிதம், வீட்டுக்காரர் கண்ணுக்கு வெறும் சாக்காகத்தான் தெரியும்.

டைவர்ட்டர் உடலின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். 12 மி.மீ. பூச்சு, 4 மி.மீ. ஒட்டுப்பசை, 9 மி.மீ. டைல் என்றால் செங்கல் முகத்திலிருந்து 25 மி.மீ. பசைக்குப் பதில் சிமென்ட் கலவையில் பதித்தால் இன்னும் சில மி.மீ. கூடும். உடல் ஆழமாகப் போய்விட்டால் கைப்பிடியின் தண்டு எட்டாது. வெளியே தள்ளி நின்றால் மூடி டைலோடு ஒட்டாமல் இடைவெளி விடும், அந்த வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். ஆகவே டைலின் நிறம் பிறகு முடிவானாலும், அதன் கனமும் பதிக்கும் முறையும் டைவர்ட்டரைப் பதிக்கும் நாளுக்குள் தெரிந்தாக வேண்டும்.

கிளாசெட்டிலும் இதே சிக்கல்தான். தரையில் நிற்கும் வகை என்றால் கழிவுக் குழாய் பெரும்பாலும் தரையில் வரும். அதன் மையம் டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். 220, 300 மி.மீ. இரண்டும் கடையில் கிடைப்பவை. சுவரில் தொங்கும் வகை என்றால் குழாய் சுவரில் வரும், தொட்டிக்கும் சட்டத்துக்கும் தனி இடம் விட வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் குளியலறைப் பள்ளத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி நிரப்பிவிட்டால், பிறகு மாற்றும்போது அந்தப் பூச்சையே உடைக்க வேண்டியிருக்கும். உடைத்து ஒட்டுப்போட்ட இடம்தான் பின்னால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாக வந்து நிற்கும்.

ஒரு குளியலறையை நாள் கணக்கில் பார்ப்போம். 20ஆம் நாள் சுவர் டைல்ஸ் தொடங்க வேண்டும். அதற்கு முன் பூச்சு 7 நாள் நனைய வேண்டும், எனவே 12ஆம் நாளுக்குள் பூசி முடிக்க வேண்டும். பூச 2 நாள். அதற்கு முன் 10ஆம் நாள் குழாயில் அழுத்தச் சோதனை. டைவர்ட்டரைப் பதித்துக் குழாய் இணைப்பது 8, 9ஆம் நாட்களில். பொருள் 7ஆம் நாள் சைட்டில் இருக்க வேண்டும். கடையிலிருந்து வர 5 நாள் ஆகும் என்றால் முடிவு சொல்ல வேண்டிய நாள் 2. டைல்ஸ் வர 10 நாள், பெட்டியைப் பிரித்துச் சரிபார்க்க 2 நாள் என்றால் அந்த முடிவுக்குக் கடைசி நாள் 8. அதாவது ஃபிட்டிங்ஸ் முடிவு, டைல்ஸ் முடிவுக்கு 6 நாள் முன்னதாக வர வேண்டும். இந்தக் கணக்கை வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் கொடுத்திருந்தால்தான் பின்னால் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு.

இப்போது வீட்டுக்காரர் டைவர்ட்டரை 9ஆம் நாளும் டைல்ஸை 12ஆம் நாளும் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 7 நாள் தாமதம், மற்றது 4 நாள். பல ஒப்பந்தக்காரர்கள் இரண்டையும் கூட்டி 11 நாள் கேட்பார்கள். அது தவறு. டைவர்ட்டர் தாமதத்தால் டைல்ஸ் வேலை 27ஆம் நாளுக்குத் தள்ளிப்போகிறது. டைல்ஸோ 24ஆம் நாளே பிரித்துப் பார்த்துத் தயாராக இருக்கும். அந்த 4 நாள், 7 நாளுக்குள்ளேயே அடங்கிவிட்டது. கேட்கக்கூடியது 7 நாள். வேறு சைட்டுக்குப் போன பிளம்பரும் கொத்தனாரும் திரும்பி வர உண்மையில் எடுத்த நாட்களை அதோடு சேர்க்கலாம். கூட்டிக் கேட்டால், நியாயமான 7 நாளையும் வீட்டுக்காரர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஒப்பந்தக்காரரின் சொந்தத் தாமதம் அதே நாட்களில் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. மின்குழாய்க்குச் சுவர் வெட்டுவது முடியாமல் கிடக்கும்போது, பூச்சு நின்றதற்கு டைவர்ட்டரை மட்டும் காரணம் காட்ட முடியாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, முதல் மாடிக் குளியலறைக்கான டைவர்ட்டர் மாடல் 2ஆம் நாளுக்குள் தேவை என்று வேலை அட்டவணையில் தெரிவித்திருந்தோம். இன்று 8ஆம் நாள் வரை முடிவு கிடைக்கவில்லை. ஆகவே நாளை முதல் அந்தக் குளியலறையின் குழாய் வேலையும் பூச்சும் மட்டும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. மற்ற அறைகளின் பூச்சும் மின்குழாய் வேலையும் தொடரும். டைவர்ட்டர் சைட்டுக்கு வந்த 3 நாட்களுக்குள் வேலையை மீண்டும் தொடங்குவோம். முடிக்கும் தேதி எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதை அப்போது கணக்கிட்டுத் தருகிறோம். ஷவர் தலை, வாஷ்பேசின் குழாய், டவல் கம்பி ஆகியவற்றை இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை."

அந்தக் கடைசி வரிக்கு நல்ல பலன் உண்டு. கடை முழுக்கச் சுற்றிக் களைத்த வீட்டுக்காரருக்கு, இன்று ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தால் போதும் என்று தெரிந்தால் வேலை நகரும். "மட்டும்" என்ற சொல்லும் முக்கியம். முழு வேலையையும் நிறுத்தினால், செய்யக்கூடியதையும் செய்யாமல் போனார் என்ற பழி ஒப்பந்தக்காரர் தலையில் விழும்.

எதை முடிவு என்று ஏற்பது என்பதிலும் தகராறு வரும். "கிரீம் கலர், பெரிய சைஸ்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி முடிவு ஆகாது. நிறுவனம், மாடல் எண், அளவு, மேற்பரப்பு, எண்ணிக்கை எல்லாம் வேண்டும். 8 அடிக்கு 5 அடி அறையில் 7 அடி உயரம் வரை ஒட்டினால் 182 சதுர அடி. இரண்டரை அடி அகலக் கதவை அதே உயரத்துக்குக் கழித்தால் 164.5, வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 181. இதை ஒரே தடவையில், பெட்டிகளில் ஒரே பேட்ச் எண் இருக்கும்படி வாங்க வேண்டும். பாதியை இப்போதும் மீதியைப் பிறகும் வாங்கினால், ஒரே மாடலிலேயே நிறம் லேசாக மாறி வரும். பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தருவது என்றால், அவர் முடிவு சொன்ன நாளை விட பொருள் சைட்டில் இறங்கிய நாள்தான் கணக்கு.

நிறுத்தும் அன்று மாலை, திறந்திருக்கும் எல்லாக் குழாய் முனைகளையும் மூடியிட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழிவுக் குழாயில் சிமென்ட் கட்டி விழுந்து, வீடு குடிபுகுந்த பிறகுதான் தெரியும். பூசாத சுவரில் குழாய் போகும் பாதையை அளவு நாடாவோடு படம் எடுத்துக் கடிதத்தோடு சேர்க்கலாம். மீதி சிமென்ட் மூட்டைகளை எண்ணி எழுதி, மற்ற அறைகளுக்குத் திருப்பிவிடலாம். மூட்டையில் கிடக்கக் கிடக்க அதன் வலு குறையும்.

வேலை மறுபடி தொடங்கும் நாளில் இன்னொரு கடிதம் வேண்டும், இரண்டே வரி: டைவர்ட்டர் 14ஆம் நாள் வந்தது, 15ஆம் நாள் பிளம்பர் வேலை தொடங்கினார். நிறுத்தத்தை எழுதிக் கொடுத்தவர்களில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு கணக்கு முடிக்கும்போது, வேலை எத்தனை நாள் நின்றது என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு எண் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.