மாவு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு

"ஒரே ஒரு எண்ணைப் போடுங்க, போதும்" என்று அந்த வாடிக்கையாளர் கேட்டார். நானும் போட்டேன். மொழிபெயர்ப்பு வேலை முடிந்து, பணமும் வந்து, அவர்கள் குடும்பத்துக்குள் புத்தகமும் அச்சாகிவிட்டது. இருந்தும் அந்தப் பேச்சை மனதுக்குள் மறுபடி மறுபடி நடத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் செய்தது சரி என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் தோன்றுவதில்லை.

அவருடைய பாட்டி இத்தாலிய மொழியில் கையால் எழுதி வைத்த சமையல் நோட்டு அது. பாட்டி ரோமுக்குத் தென்கிழக்கே காஸ்தெல்லி ரோமானி என்ற மலை ஊர்களைச் சேர்ந்தவர். பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், யாருக்கும் இத்தாலியம் வாசிக்க வராது. பார்த்துச் செய்யக்கூடிய தெளிவான ஆங்கிலத்தில் வேண்டும் என்பதுதான் கேட்டது.

இந்த மாதிரி நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் 'குவாந்தோ பாஸ்தா' வரும். நாம் 'தேவையான அளவு' என்று எழுதுகிறோமே, அதேதான். பெரும்பாலும் q.b. என்று முதல் எழுத்துகள் இரண்டை மட்டும் போட்டுப் புள்ளி வைத்திருப்பார்கள். அவசரக் கையெழுத்தில் அது 96 என்ற எண்ணைப் போலவே இருக்கும். உப்புக்குப் பக்கத்தில் 96 என்று கண்டால் அது கிராம் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். சர்க்கரைக்குப் பக்கத்தில் கண்டால் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கும்.

அதை எல்லா இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மாற்றினால் சமைப்பவருக்கு உதவாது. உப்புக்குப் பக்கத்தில் வந்தால் ருசி பார்த்துப் போடச் சொல்கிறார்கள். பொரிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் வந்தால், போட்டது மிதக்கிற அளவுக்கு எண்ணெய் இருக்க வேண்டும் என்று பொருள். கொண்டைக்கடலை வேகவைக்கும் தண்ணீருக்கு வந்தால் கடலை மூழ்கி மேலே இரண்டு விரல் நிற்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சமைப்பவரின் கண் வேறு வேறு விஷயத்தைப் பார்க்கிறது. அது எதைப் பார்க்கிறது என்று கண்டுபிடித்து அதை எழுதுவதுதான் என் வேலை என்று நினைக்கிறேன். நோட்டின் முக்கால்வாசி அப்படித்தான் போனது, தகராறு எதுவும் இல்லாமல்.

சாம்பெல்லீனே அல் வீனோ என்ற பிஸ்கட்டில்தான் சிக்கல் வந்தது. ஒயின் சேர்த்துப் பிசைந்து, சின்ன வளையமாக்கி, ஒரு பக்கம் சர்க்கரையில் தோய்த்துச் சுடுவது. அங்கே சாப்பாடு முடிந்ததும் இதை ஒயினில் முக்கிச் சாப்பிடுவார்கள். பாட்டி எழுதியது இவ்வளவுதான்: ஒயின் 1 தம்ளர், எண்ணெய் 1 தம்ளர், சர்க்கரை 1 தம்ளர், கொஞ்சம் சோம்பு, மாவு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு, சூடான அடுப்பு.

தம்ளர் எவ்வளவு பெரியது என்ற கேள்வியே இதில் எழாது. மூன்றுக்கும் ஒரே தம்ளர் என்பதால் சின்னதை எடுத்தால் கொஞ்சம் பிஸ்கட், பெரியதை எடுத்தால் நிறைய பிஸ்கட், விகிதம் மாறாது. தராசு இல்லாத வீட்டில் இதைவிடத் துல்லியமாக எழுத முடியாது. மாவு மட்டும்தான் பாக்கி. வாடிக்கையாளருக்கு அந்த மாவுதான் எண்ணாக வேண்டும்.

அவருடைய சித்தி, அதாவது பாட்டியின் கடைசி மகள், இன்னும் அதே ஊரில் இருக்கிறார். அம்மாவின் தம்ளரும் அவரிடம் இருக்கிறது. வீடியோ அழைப்பில் பேசினோம். முதலில் அந்தத் தம்ளரில் வழக்கமாக ஊற்றும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி நிறுக்கச் சொன்னேன். 130 கிராம் வந்தது, ஆக 130 மில்லி. அதே மட்டத்துக்குச் சர்க்கரை போட்டால் 110 கிராம் சுமாருக்கு நின்றது.

மாவை அளந்து போடச் சொல்லவில்லை. அளக்கச் சொன்னால் கை தயங்கும், வழக்கமாகப் போடும் அளவு வராது. அதனால் மாவுப் பையைப் பிசைவதற்கு முன் ஒரு முறையும் பிசைந்து முடித்த பிறகு ஒரு முறையும் நிறுக்கச் சொன்னேன். வித்தியாசம்தான் மாவின் அளவு. அவர் பையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டார். மாவு பாத்திரத்தை விட்டு வந்ததும் நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை, ஒரு சின்ன உருண்டையை எடுத்துச் சுண்டு விரல் கனத்துக்குக் கயிறாக உருட்டினார். இரண்டு முனைகளையும் சேர்த்து வளையமாக்கி, வெளி வளைவில் கீறல் விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. இன்னும் அரைக் கைப்பிடி போட்டார். மறுபடி உருட்டினார். உருண்டையை வைத்திருந்த இடத்தில் பலகையில் லேசாக எண்ணெய் மினுக்கு தெரிந்தது, ஆனால் கையில் ஒன்றும் ஒட்டவில்லை. "இப்போது போதும் என்கிறது" என்றார்.

447 கிராம். பிறகு இன்னொரு நாள், வேறு மாவுப் பையைப் பிரித்துச் செய்தபோது 480-ஐத் தொட்டது. ஏன் கூடியது என்று கேட்டேன். "இன்றைக்கு இவ்வளவு கேட்டது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். காரணம் எனக்குத் தெரியும். மாவின் புரதம், அது எவ்வளவு காய்ந்திருக்கிறது, தம்ளரில் ஒயின் அரை விரல் ஏறி நின்றதா என்று எல்லாம் சேர்ந்துதான் முப்பது கிராம் ஆகிறது. ஆனால் இந்தக் காரணங்களை அவர் யோசிக்கவே தேவையில்லை. கயிற்றை வளைத்துப் பார்த்தாலே எல்லாவற்றுக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடுகிறது.

நான் முதலில் அனுப்பிய ஆங்கில வடிவத்தில் மாவு 400 கிராமில் தொடங்கி, பிறகு கரண்டி கரண்டியாகச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். எப்போது நிறுத்துவது, கயிறு வளைவில் வெடித்தால் மாவு கூடிவிட்டது என்பது, அப்போது ஒரு கரண்டி ஒயின் தெளித்துப் பிசைவது, அடுப்பில் வளையம் தட்டையாகப் பரந்தால் மாவு போதவில்லை என்பது, எல்லாம் இருந்தது. ஏழெட்டு வரி.

அவருக்கு அது நீளமாகப் பட்டது. ஒரே எண்ணாக, அதுவும் கப் கணக்கில் வேண்டும் என்றார். கப் கணக்குக்கு நான் மறுத்தேன். அமெரிக்கக் கப்பில் மாவைக் கரண்டியால் தளரப் போட்டால் 120 கிராம் பிடிக்கும், கப்பையே பைக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போகும். அதே 450 கிராம் ஒருவருக்கு மூன்றே முக்கால் கப், இன்னொருவருக்கு மூன்று கப். பாட்டி எழுதியதைவிட அது தெளிவில்லாதது, பார்க்கத்தான் எண்ணாக இருக்கிறது. இதை அவர் ஏற்றுக்கொண்டார். கிராமிலேயே இருக்கட்டும், ஆனால் ஒரே எண் என்றார்.

கையில் பார்க்கிற பக்குவத்தை வெட்டிவிட்டால் செய்முறையே போய்விடும் என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் இன்னும் என்னை விடவில்லை: "என் பிள்ளைகள் பாட்டியின் கையைப் பார்த்ததே இல்லை. மாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்றால் எதைப் பார்ப்பார்கள்? எண் இருந்தால் செய்து பார்ப்பார்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள்."

என்னிடம் பதில் இல்லை. 450 கிராம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் காரணங்கள் உண்டு. அந்த எண் கற்பனை இல்லை, பாட்டியின் தம்ளரும் மகளின் கையும் கொடுத்தது. அதோடு, பாட்டி எண்களுக்கு விரோதியும் இல்லை. நோட்டை முழுக்கப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பாதாம் வரும் இடங்களில் 'இரண்டு எத்தோ', அதாவது 200 கிராம், என்று திட்டமாக எழுதியிருக்கிறார். கேக்குக்கு 'ஒரு பாக்கெட் பேக்கிங் பவுடர்' என்கிறார். அது கம்பெனிக்காரர் 16 கிராமாக நிறுத்து, அரைக் கிலோ மாவுக்கு என்று அடைத்துத் தருவது. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த பொருளுக்கெல்லாம் எண் இருக்கிறது. வீட்டில் இருந்த ஒயின், எண்ணெய், மூட்டை மாவு ஆகியவற்றுக்கு மட்டும்தான் தம்ளரும் கைப்பிடியும். அவர் வீட்டில் நல்ல தராசு ஒன்று இருந்திருந்தால் மாவுக்கும் கிராம் எழுதியிருப்பாரோ என்னவோ.

இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முழுசாக நம்ப முடியவில்லை. தராசு இருக்கும் மகளும் நிறுப்பதில்லையே. அவருக்கு எண் தேவைப்படாததற்குக் காரணம், எண்ணைவிட நம்பகமான ஒன்று அவரிடம் இருப்பதுதான். இன்னொன்று, அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் மாவில் பெரும்பாலும் புரதம் கூடுதல், ஈரத்தை அதிகம் இழுக்கும். இத்தாலிய மாவில் கிடைத்த 450 அங்கே இறுகிப்போகக்கூடும். இறுகினால் என்ன செய்வது என்று சொல்லும் வரிகளைத்தான் நாங்கள் வெட்டினோம். வளையம் வெடித்தால் செய்பவர் எண்ணைச் சந்தேகிக்க மாட்டார், தன் கையைத்தான் சந்தேகிப்பார். பாட்டியின் பெயர் போட்ட பக்கத்தில் இருக்கிற எண் அல்லவா.

புத்தகம் வந்து கொஞ்ச நாள் கழித்து அவர் புகைப்படம் அனுப்பினார். பிள்ளைகளோடு சேர்ந்து செய்தது, அருமையாக வந்தது, ஒரு தட்டு காலி என்று எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வளையங்களில் வெளி வளைவில் கீறல். சித்தியும் அதே படத்தைப் பார்த்திருக்கிறார். "மாவு கூடிவிட்டது" என்றார் என்னிடம், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "எதற்கு? செய்கிறார்கள் அல்லவா. நாலு தடவை செய்தால் அவர்களுக்கே தெரியும்" என்றார்.

அவர் சொன்னது வாடிக்கையாளர் பக்கம் பேசுகிறதா, என் பக்கம் பேசுகிறதா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எண் இல்லாமல் முதல் தடவையே நடந்திருக்காது. நாலாவது தடவை எதைப் பார்த்துத் திருத்துவார்கள் என்பது பக்கத்தில் இல்லை. நானும் கீறலைப் பற்றி அவருக்கு எழுதவில்லை. மகிழ்ச்சியோடு படம் அனுப்பியவருக்குக் குறை சொல்லி எழுத மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். வெட்டிய வரிகளை இப்போது கேட்காமலே அனுப்புவது என் வேலையா என்ற தயக்கம் இன்னொரு காரணம்.

இப்போது கையில் இருப்பது வேறொரு குடும்பத்தின் நோட்டு. அதில் உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்து கொதிநீரில் வேகவைக்கும் ஞோக்கி உருண்டைகளுக்கும் 'மாவு எவ்வளவு கொள்ளுமோ' என்றுதான் இருக்கிறது. அங்கே இன்னும் கஷ்டம், கிழங்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு கிலோவுக்கு 250 கிராமிலும் நிற்கலாம், 300-ஐயும் தாண்டலாம். இந்த முறை எண்ணையும் பக்குவத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறேன்: 250 கிராம் போட்டு, ஒரே ஒரு ஞோக்கியை மட்டும் கொதிநீரில் போட்டுப் பார்க்கவும், கரைந்தால் ஒரு கைப்பிடி மாவு சேர்க்கவும். ஒன்றை வெட்டினால் மற்றதும் வாக்கியமாக நிற்காது. அவர்கள் வெட்டச் சொன்னால் என்ன சொல்லப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.