மலைமுகட்டில் வெள்ளைக் கோடு விழாமல் மூடுபனியை விலக்கியது

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் எடுத்த அந்தப் படம் ஒருவழியாகத் தேறிவிட்டது. 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எதிர்மலையின் விளிம்பில் அந்தப் பாழாய்ப்போன வெள்ளைக் கோடு இல்லை. பனி பனியாகவே இருக்கிறது, மலை மலையாக இருக்கிறது. இதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

படத்தில் மூன்று அடுக்குகள். முன்னால் தேயிலைச் சரிவும் அதன் நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களும். பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலை, பாதி பனிக்குள். அதற்கும் பின்னால் இன்னொரு முகடு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. ரா ஃபைலாக எடுத்தது, போட்டோஷாப்பில் 16 பிட்டில் வேலை. பனிப்படத்தை 8 பிட் ஜேபெக்கில் இழுத்தால் வானம் படிப்படியாக உடைந்துவிடும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

கேமரா ராவில் பனியைக் குறைக்க இருக்கும் டீஹேஸ் ஸ்லைடரை +40 வரை தள்ளினால் முதல் பார்வைக்குப் படம் அசத்தலாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முகட்டை ஒட்டிப் பனிப்பக்கம் ஒரு வெளுத்த பட்டை, மலைப்பக்கம் ஒரு கறுத்த பட்டை, நிழல்களெல்லாம் நீலம். சென்சார் தூசி வேறு எழுந்து நிற்கும். அதனால் டீஹேஸை +10-லேயே நிறுத்திவிட்டு, மீதி வேலையை, புள்ளி வைத்து வெளிச்ச மதிப்புகளை ஏற்றி இறக்கும் கர்வ்ஸில் கையால் செய்தேன். இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த ஒரு கர்வைப் பற்றித்தான்.

மூடுபனி படத்துக்கு என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மலையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கை வழியிலேயே தடுத்துவிடுகிறது. தடுத்த பங்கின் இடத்தில் தன் வெண்மையைக் கலந்துவிடுகிறது. தூரம் கூடக் கூட மலையின் பங்கு குறையும், பனியின் பங்கு ஏறும். இதைத் திருப்பிப் போட ஒரே ஒரு கணக்குதான்:

```
J = A - (A - I) / t
```

I என்பது படத்தில் இப்போது இருக்கும் மதிப்பு. A பனியின் வெளிச்சம். t என்பது மலையின் ஒளியில் நம்மிடம் வந்து சேர்ந்த பங்கு. J நமக்கு வேண்டிய மதிப்பு. இதில் கவனிக்க வேண்டியது, I-யும் A-யும் சமமாக இருந்தால் எதுவும் மாறாது. அதாவது சரியான டீஹேஸ் என்பது பனியின் வெளிச்சத்தில் ஆணி அடித்துவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் கீழே இழுக்கும் ஒரு நேர்கோடு. எல்லோருக்கும் பழக்கமான எஸ் வடிவக் கர்வ் பனியையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். முகட்டை ஒட்டி விழும் அந்த வெள்ளைக் கோடு, அதாவது ஹேலோ, பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது.

என் படத்தில் எதிர்மலையின் முகட்டை ஒட்டிய பனியை ஐட்ராப்பரில் அளந்தேன்: சிவப்பு 214, பச்சை 218, நீலம் 222. அதே மலையில் இருட்டாக இருந்திருக்க வேண்டிய ஒரு சோலை மடிப்பு: 118, 126, 134. t 0.6 என்று வைத்து மூன்று சேனலுக்கும் கணக்குப் போட்டால் அந்த மடிப்பு 54, 65, 75 ஆகிறது. இருள் கூடியது, நீலமும் சேர்ந்தே கூடியது. நிழல்கள் ஏன் நீலமாகின்றன என்பதற்கு விடை இதுதான். நீல ஒளி காற்றில் கூடுதலாகச் சிதறுவதால் நீலச் சேனலில் t இன்னும் கொஞ்சம் குறைவு. எனவே நீலத்தைத் தனியாகக் கூடுதலாகவும், பச்சையைக் கொஞ்சமும் இழுக்க வேண்டும்.

கர்வ்ஸில் சேனல் சேனலாகப் போய், சிவப்பில் 214-ல் ஒரு புள்ளி, 118-ஐ 54-க்கு. பச்சையில் 218-ல் ஒரு புள்ளி, 126-ஐ 60-க்கு. நீலத்தில் 222-ல் ஒரு புள்ளி, 134-ஐ 64-க்கு. நீலத்தை 54 வரை இறக்கினால் நிழல் நடுநிலைச் சாம்பலாகி மலை பக்கத்தில் வந்து நின்றுவிடும். தூரம் தெரிய கொஞ்சம் நீலம் வேண்டும். அப்புறம் ஆணிப் புள்ளிக்கு மேலே, 240-ல் இன்னொரு புள்ளியை அதன் இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கோடு வளைந்து மேலே புடைத்துக்கொண்டு பனியை வெளுக்கும். இந்த எண்களெல்லாம் திரைக்காக வளைத்த, அதாவது காமா ஏறிய மதிப்புகள், சூத்திரமோ நேரியல் ஒளிக்கானது. அதனால் கணக்கு தொடங்குகிற இடத்தைத்தான் காட்டும், கடைசி முடிவு கண்ணுடையது.

ஆணி அடிப்பதில் இன்னொரு பெரிய லாபம் மாஸ்க்கில் கிடைக்கிறது. கர்வை எதிர்மலைக்கு மட்டும் மாஸ்க் போட்டு வைக்கும்போது, மாஸ்க் முகட்டைத் தாண்டிப் பனிக்குள் கொஞ்சம் வழிந்தாலும் ஒன்றும் ஆகாது. பனியின் மதிப்பில் கர்வ் எதையும் மாற்றுவதில்லையே. முகட்டில் மென்மையான பிரஷ் போதும்.

மாஸ்க் கறாராக இருக்க வேண்டிய இடம் வேறு. சில்வர் ஓக் மரங்கள் எதிர்மலையின் மேல் விழும் இடம். முன்னால் இருக்கும் மரத்துக்கு அந்தக் கர்வ் பட்டால் இலைகள் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிடும். மரத்தைச் சுற்றிச் சற்று விலகி வரைந்தாலோ, இலைகளைச் சுற்றிப் பனிப்படலம் அப்படியே நின்று, மரமே ஒளிவிடுவது போலத் தெரியும். அந்தக் கிழிந்த இலைகளின் இடைவெளிகளைக் கையால் வரைய முடியாது. சேனல்களைத் தனித்தனியாகப் பார்த்தால் வழி தெரியும். நீலச் சேனலில் மரம் 40 பக்கம், பின்னால் இருக்கும் மலை 134 பக்கம். அந்தச் சேனலை நகலெடுத்து, லெவல்ஸில் 60-ஐக் கறுப்பாகவும் 115-ஐ வெள்ளையாகவும் வைத்தால் இலை இலையாக மாஸ்க் தயார். இதற்கு விளிம்பை மழுக்கும் ஃபெதர் போடவே கூடாது. இலை விளிம்பில் மரமும் பனியும் கலந்த பிக்சல்கள் இருக்கின்றன. சேனல் மாஸ்க் அவற்றுக்குத் தானாகவே நடுத்தரச் சாம்பலைத் தந்துவிடும்.

கிளாரிட்டி இதற்கெல்லாம் பிறகுதான். அடர்த்தி சரியாகாத படத்தில் கிளாரிட்டியைத் தள்ளுவதுதான் பெரும்பாலான படங்கள் கெடுகிற இடம் என்பது என் கருத்து. கிளாரிட்டி ஒவ்வொரு இடத்தையும் அதன் சுற்றுப்புறச் சராசரியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பெரிதாக்குகிறது. முகட்டை ஒட்டிய பனியின் சுற்றுப்புறத்தில் கறுத்த மலை இருப்பதால், பனி அங்கே தன் இயல்பை மீறி வெளுக்கிறது. மலைப்பக்கமும் அதே அளவு கறுக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே மரமும் பாறையும் இருப்பதால் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. பனிப்பக்கம் துடைத்த சுவர். அங்கே 218 இருக்க வேண்டிய இடத்தில் 226 இருந்தாலே பட்டை தெரியும்.

அதனால் கிளாரிட்டியை இரண்டு லேயராகப் பிரித்தேன். படத்தை இரண்டு நகலெடுத்து இரண்டிலும் கிளாரிட்டிக்குப் பதிலாக ஒரே அன்ஷார்ப் மாஸ்க், அமௌண்ட் 25, ரேடியஸ் 50. ஒன்றை டார்கன் மோடில், இன்னொன்றை லைட்டன் மோடில் வைத்தேன். ஒப்பாசிட்டி டார்கனுக்கு 60 சதவீதம், லைட்டனுக்கு 20. கறுக்கிற வேலையும் வெளுக்கிற வேலையும் தனித்தனிக் கைப்பிடிக்கு வந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே குரூப்பில் போட்டு, முகட்டுக் கோட்டுக்கு உள்ளே மட்டும் தெரியும்படி மாஸ்க். இந்த மாஸ்க் பனிக்குள் வழியவே கூடாது. முகட்டில் கறாராகவும் மலையின் உள்பக்கம் மென்மையாகவும் இருக்க வேண்டும்.

ஹேலோ மிச்சமிருக்கிறதா என்று பார்க்க எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தற்காலிக லெவல்ஸ் லேயர் வைத்து, 180-ஐக் கறுப்பாகவும் 240-ஐ வெள்ளையாகவும் ஆக்குவேன். படம் கன்னாபின்னாவென்று தெரியும். ஆனால் பனியில் ஒளிந்திருக்கும் பட்டைகள் அத்தனையும் வெளியே வந்துவிடும். பட்டை முகட்டின் வளைவை அப்படியே தொடர்ந்து ஓடினால் அது ஹேலோ. முகட்டைப் பொருட்படுத்தாமல் அலைந்தால் அது பனியின் சொந்த உருவம், அதை விட்டுவிடலாம். படத்தை 25 சதவீதத்தில் வைத்தும் பார்க்க வேண்டும். 100 சதவீதத்தில் அகலமான பட்டை கண்ணில் படுவதே இல்லை.

நிறத்துக்கு செலக்டிவ் கலர், ரிலேட்டிவ் முறையில். தேயிலையின் பச்சை பெரும்பாலும் எல்லோஸில்தான் உட்கார்ந்திருக்கிறது, கிரீன்ஸில் கொஞ்சம்தான். எல்லோஸில் பிளாக்கை +10, மெஜெந்தாவை +5 வைத்ததும் துளிர்களின் பளீர் பச்சை அடங்கியது. எதிர்மலைக்கு சயன்ஸில் சயனை -15. நியூட்ரல்ஸையும் வொயிட்ஸையும் தொடவில்லை. பனி முழுக்க அவற்றில்தான் இருக்கிறது, கை வைத்தால் மொத்தமும் சாயமேறிவிடும்.

பிரிண்ட் பற்றி ஒரு குறிப்பு. இதற்கு முன் இன்னொரு பனிப்படத்தை ஒரு லேபில் கொடுத்தபோது, அவர்களுடைய மெஷின் தானாகவே கான்ட்ராஸ்ட்டை இழுத்துப் பனியை வெள்ளைக் காகிதமாக்கிக் கொடுத்தது. கேட்டால் “எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் சார் வரும்” என்றார்கள். இந்த முறை வேறு இடம். “கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்” என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்தேன். பேப்பர் மேட். பனிக்கு லஸ்டரைவிட மேட்தான் எனக்குப் பிடிக்கிறது. போலரைசர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் ஒன்று. வெயில் நேரத்துத் தூரப் புகைமூட்டத்துக்கு, அதுவும் சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது, அது உதவும். அடர்ந்த மூடுபனியில் ஒளி பலமுறை சிதறி எல்லாத் திசையிலும் கலந்துபோவதால் அதற்குப் பெரிதாக வேலை இல்லை.

கடைசி முகடு மட்டும் இன்னும் பாக்கி. அங்கே t 0.2-க்குள்தான் இருக்கும். அதைச் சரியாக மீட்டால் இரைச்சலும் ஐந்து மடங்கு பெருகி மலை மணல்போலப் பொரிந்துவிடுகிறது. இப்போதைக்கு 0.6 என்று வைத்து லேசாக மட்டும் எழுப்பியிருக்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்ததும் அதே வளைவில் டிரைபாட் வைத்து 16 ஃபிரேம்கள் தொடர்ச்சியாக எடுத்து, எல்லாவற்றையும் சராசரி செய்யப் போகிறேன். இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். மலை நகராது, பனி நகரும். நகர்கிற பனியின் சராசரியில் A இன்னும் சீராகக் கிடைக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. காற்றில் ஆடும் சில்வர் ஓக் இலைகளை மட்டும் ஒரே ஃபிரேமிலிருந்து எடுத்து, அதே நீலச் சேனல் மாஸ்க்கால் மேலே ஒட்டிக்கொள்ளலாம்.