நூறு ரோல் வைக்கோல் ஏன் 35 நாளில் தீர்ந்தது?

ஒட்டன்சத்திரம் பக்கம் எட்டுக் கறவை மாடு வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் நெல் கிடையாது. வைக்கோலுக்கு மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம்தான் போயாக வேண்டும். முன்பெல்லாம் போர் பிரித்துக் கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். இப்போது அறுவடை மெஷின் விட்டுப்போன வைக்கோலை டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய பேலர் சுருட்டி, கயிறு சுற்றி, ரோல் ரோலாகத் துப்பிவிடுகிறது. வியாபாரமும் ரோல் கணக்குதான். கிலோ பற்றி யாரும் பேசுவதில்லை.

முதல் தடவை சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரியில் வாங்கினேன். தரகர் போனில் சொன்னது: “ஒரு ரோல் 22 கிலோண்ணே, 130 ரூபாய், வாடகை உங்களுது.” நூறு ரோல் வந்து இறங்கியது. மாட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ வீதம் எட்டு மாட்டுக்கு 48 கிலோ. 2,200 கிலோ என்றால் 45 நாள் தாராளமாக ஓடும் என்று நிம்மதியாக இருந்தேன். 35-ஆவது நாள் கொட்டகை காலி. பாதி தூரம் போகும்போதே சந்தேகம் வந்து ஏழெட்டு ரோலைத் தொங்கு தராசில் போட்டுப் பார்த்திருந்தேன். 16-க்கும் 17-க்கும் நடுவே ஆடியது. அதாவது கிலோ ஆறு ரூபாய்க்குள் வாங்குவதாக நினைத்து, ஏழே முக்கால் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். லாரி வாடகை இதில் சேராது.

தரகரைத் திட்டினேன், பிரயோஜனமில்லை. அவர் பொய் சொன்னார் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. 22 கிலோ என்பது நல்ல வைக்கோலை நன்றாக இறுக்கிச் சுருட்டினால் வருகிற எடை. அது ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. மீதியிருந்த ரோல்களை டேப் வைத்து அளக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கணக்கு சுலபம். ரோலின் கன அளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை. இந்தச் சின்ன பேலர்கள் போடும் ரோல் சுமார் 60 செ.மீ. குறுக்களவு, 90 செ.மீ. நீளம். ஆனால் அடுக்கி வைத்த ரோல் வட்டமாக இருக்காது, தன் கனத்திலேயே கொஞ்சம் அமுங்கியிருக்கும். அதனால் முகப்பில் ஒரு குறுக்களவை மட்டும் அளந்தால் தப்பு வரும். கிடையாக ஒன்று, நெட்டாக ஒன்று என்று இரண்டையும் அளந்து இப்படிப் போடுகிறேன், எல்லாம் மீட்டரில்:

```
கன அளவு = அகலம் × உயரம் × நீளம் × 0.785
எடை = கன அளவு × அடர்த்தி
```

என் ரோல் அகலம் 62, உயரம் 54, நீளம் 90 செ.மீ. மீட்டராக்கிப் பெருக்கினால் 0.237 கன மீட்டர். எடை 16.5 கிலோ. வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 70 கிலோ. இந்த 70 நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் வேறு இடத்தில் வாங்கிய ரோலை அளந்து பார்த்ததும் புரிந்தது. 60, 60, 90. கன அளவு 0.254. எடை 20.5 கிலோ. அடர்த்தி 80-க்குச் சற்று மேல். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் என் ரோல் அளவில் ஏழு சதவீதம் சின்னது, இறுக்கத்தில் பதின்மூன்று சதவீதம் குறைவு. இரண்டும் சேர்ந்து ரோலுக்கு நான்கு கிலோவைத் தின்றுவிட்டன.

இறுக்கம் எங்கே போனது என்பதைப் பேலர் ஓட்டுகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறை நிறைந்து அழுத்தம் ஏறிய பிறகுதான் கயிறு சுற்றிக் கழற்ற வேண்டும். அவருக்குக் கூலி ரோல் கணக்கில். கொஞ்சம் முன்னாலேயே கழற்றினால் அதே வயலில் ரோல் அதிகம் விழும். அப்படிக் கழற்றிய ரோலின் நடு மையம் பொதபொதவென்று இருக்கும். முகப்பின் நடுவில் முஷ்டியால் குத்திப் பார்த்தால் கை உள்ளே போகும். இறுகிய ரோலில் கை தடுக்கும். நடுக்கயிறைப் பிடித்துத் தூக்கினால் தொளதொள ரோல் வாழைப்பழம் மாதிரி வளைந்துகொள்ளும். இந்த இரண்டு சோதனைக்கும் தராசு தேவையில்லை.

அக்டோபரில், குறுவை அறுப்புக்கு, நானே நேரில் போனேன். ஒரு களத்தில் ரோலைத் தூக்கியதும் சந்தோஷமாகிவிட்டது. தராசு 24 கிலோ காட்டியது. அளவு அதே 60, 60, 90. கணக்குப்படி அடர்த்தி 94. இவ்வளவு இறுக்கமா என்று முகப்பில் விரல்களைச் செருகினேன். வெதுவெதுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஊறவைத்த தவிட்டின் புளிப்பு வாடை. மழைக்கு நடுவே அறுத்து, ஒரு வெயில்கூடக் காட்டாமல் சுருட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ரோலின் உள்ளேயிருந்து கொஞ்சம் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறைத் தராசில் 100 கிராம் நிறுத்தி, துண்டு துண்டாக நறுக்கி, வாணலியில் சின்னத் தீயில் கருகாமல் புரட்டினேன். வீட்டில் கிடைத்த பேச்சை இங்கே எழுத வேண்டாம். எடை மேற்கொண்டு குறையாமல் நின்றபோது 72 கிராம். ஈரம் 28 சதவீதம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 24 கிலோ ரோலில் உலர்ந்த வைக்கோல் 17.3 கிலோதான், மீதி தண்ணீர். பக்கத்து ஊர்க்காரரின் 20.5 கிலோ ரோலில் ஈரம் 13 சதவீதம். அதில் உலர்ந்தது 17.8 கிலோ. கனமான ரோலில்தான் தீனி குறைவு! போதாக்குறைக்கு, ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிச் சுருட்டி அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். அந்தத் தடவை வாங்காமல் வந்துவிட்டேன். அதிலிருந்து அடர்த்திக் கணக்கை இரண்டு பக்கமும் எச்சரிக்கையாகப் பார்க்கிறேன். 70 வந்தால் தொளதொள. 90-ஐத் தாண்டினால் முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுவேன். இந்த எண்கள் இந்தச் சின்ன ரோலுக்கும் நெல் வைக்கோலுக்கும் மட்டும்தான். பெரிய மெஷின் அடிக்கும் சதுரக் கட்டுக்கு இதைப் பொருத்தாதீர்கள்.

அடுத்த பிப்ரவரியில் டேப், தொங்கு தராசு சகிதம் மறுபடி போனேன். குவியலின் மேலே எட்டியதை எடுக்காமல், நாலா பக்கமும் அடியிலுமாகப் பத்து ரோல் இழுத்து நிறுத்தேன். 18.5 முதல் 22 வரை வந்தது, சராசரி 20.5. அளவு 60, 60, 90. முகப்பில் சூடில்லை, ஒடித்தால் சடசடவென்று ஒடிந்தது. விலை பேசி முடித்தேன்.

அடுத்தது லாரி. ஆறு சக்கர வண்டி, வாடகை 14,000. தரகர் 150 ரோல் ஏறும் என்றார். வைக்கோல் விஷயத்தில் எடை ஒரு பிரச்சினையே இல்லை. 150 ரோல் என்றாலும் மூன்று டன்தான், வண்டி அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். இடம்தான் முதலில் தீரும். பாடியை அளந்தேன். நீளம் 6.1 மீட்டர், அகலம் 2.28. தரையிலிருந்து பாடித் தளம் 1.35 மீட்டர் உயரம். சாலையில் மொத்த உயரம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் அடுக்குவதற்கு 2.65 மீட்டர். பெருக்கினால் 37 கன மீட்டர். ரோலின் 0.254-ஆல் வகுத்தால் 145. ஆனால் உருளைகளை எப்படி அடுக்கினாலும் நடுவில் பொந்து விழும். 145 காகிதத்தில் மட்டும்தான் ஏறும்.

நான் சிட்டையில் போட்ட அடுக்கு இப்படி: ரோலை வண்டியின் குறுக்கே படுக்க வைத்தால் அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்குப் பத்து. மேல் அடுக்கை கீழ் ரோல்களின் பள்ளத்தில் உட்கார வைத்தால் உயரத்துக்கு ஐந்து அடுக்கு: 10, 9, 10, 9, 10. இரண்டு வரிசைக்கும் சேர்த்து 96 ரோல். பக்கவாட்டில் அரை மீட்டர் சும்மா கிடக்கும். அதைப் பார்த்த லோடுமேன் ஒருவர் சிரித்தார். “குறுக்க போட்டா எடம் வீணுண்ணே. நெட்டுக்குப் போடுங்க, நாலு ரோல நான் உள்ள தள்ளிக் காட்டுறேன்.”

நெட்டுக்குப் போட்டால் அகலத்துக்கு நாலு ரோல், 2.40 மீட்டர். பாடி 2.28. என் கணக்கில் ஏறாது. அவர் மூன்றை வைத்துவிட்டு நாலாவதை மேலிருந்து முழங்காலால் அமுக்கி இறக்கினார். ரோலுக்கு மூன்று செ.மீ. விட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். வைக்கோல் செங்கல் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளத்தில் உட்கார வைத்து 4, 3, 4, 3, 4 என்று ஐந்து அடுக்குக்குப் பதினெட்டு. நீளவாக்கில் அப்படி ஆறு, மொத்தம் 108. பின்னால் மிச்சமான 70 செ.மீ. இடத்தில் குறுக்கே இரண்டிரண்டாக நான்கு அடுக்கு, எட்டு ரோல். ஆக 116. டிரைவர் இன்னொரு அடுக்கு போடலாம் என்றார். ஊருக்குள் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன். அதே 14,000 வாடகை, 96 ரோலுக்கு ரோல் ஒன்றுக்கு 146 ரூபாய் வந்திருக்கும். 116-க்கு 121 ஆனது. வாடகை ரோல் விலைக்குச் சமமாக நிற்கிறது என்பதால் இந்த இருபது ரோல் சின்ன விஷயமில்லை.

116 ரோல், சராசரி 20.5 என்றால் 2,378 கிலோ வர வேண்டும். காலியாக ஒரு தடவை எடை போட்டிருந்தோம். ஏற்றிய பிறகு எடை மேடையில் நின்றபோது கழித்து வந்தது 2,600. இருநூறு கிலோ அதிகம்! தரகர் முகத்தில் பிரகாசம். நான் வண்டியைச் சுற்றி வந்தேன். கேபினில் மூன்று பேர், ரோலின் மேல் ஒருவர், கயிறைப் பிடித்தபடி. காலி எடை போடும்போது அவர்கள் இல்லை. இறங்கச் சொல்லி மறுபடி போட்டதும் 2,340. நான்கு ஆட்கள் பதின்மூன்று ரோலுக்குச் சமம். என் கணக்குக்குக் குறைந்த 38 கிலோவில் ஏற்றும்போது உதிர்ந்தது கொஞ்சம், பத்து ரோல் சராசரி என்பதால் வரும் பிசகு கொஞ்சம். அதற்கு மேல் சண்டை போட விரும்பவில்லை.

48 கிலோ வீதம் 49 நாள் ஓட வேண்டும். 47-ஆவது நாள் காலையில் கடைசி ரோலின் கயிறை வெட்டினேன், மறுநாள் கொட்டகை காலி. அந்த இரண்டு நாள் தீனி மாடுகளின் காலடியில் மிதிபட்டுக் குப்பைக்குழிக்குப் போயிருக்கிறது.