வாய் முந்திருச்சு

நாகர்கோவில் வடசேரில ஒரு மாடி ரூம்ல தான் எங்க ஆபீஸ், மொத்தமே ஆறு பேரு. ரப்பர் பாலும் ஷீட்டும் வாங்குற கடைக்காரங்களுக்கு கணக்கு சாஃப்ட்வேர் விக்குறோம். குலசேகரம், மார்த்தாண்டம், அருமனை பக்கம் உள்ளவங்க தான் கஸ்டமர். நேர்ல போய் காட்டுனா ஒரு நாளைக்கு ரெண்டு கடை, அதுலயும் மழை வந்துட்டா ஒண்ணு. அதனால வீடியோ கால்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணி டெமோ காட்டுறது என் வேலையாச்சு. சேந்த புதுசுல இது வாய் ஓடுனா போதும்னு நெனச்சேன், எனக்கு வாய் நல்லாவே ஓடும்.

மொத பெரிய சொதப்பல் குலசேகரம் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட. வயசு அறுபதுக்கு மேல, பையனோட போன்ல தான் பாக்குறாரு. நான் கடகடன்னு போறேன், இதுல பால் எடை போடுறோம், இதுல டிஆர்சி போடுறோம், சேவ் பண்ணா பில் வந்துடும், இப்ப ஸ்டாக் ரிப்போர்ட் பாக்கலாம்னு. ஏழு நிமிஷம் ஒரு எதிர்பேச்சு இல்ல. சரி நல்லா போகுதுன்னு நெனச்சேன். அப்புறம் அவரு மெதுவா கேட்டாரு, "நீ சொல்லுதது ஒண்ணு, இங்க தெரியுதது ஒண்ணு மக்ளே, நான் இன்னும் எடை போடுத இடத்துலல்லா நிக்கேன்". பையன் பின்னாடி நின்னு சிரிக்கிற சத்தம் வேற. அந்த ஆர்டர் வரல.

அன்னிக்கு நெட் மேல தான் பழிய போட்டேன். ஆபீஸ்ல சீனியர் அக்கா ஒருத்தங்க உண்டு, அவங்க ஒரு வேலை பண்ண சொன்னாங்க. லேப்டாப்ல ஸ்டாப் வாட்ச் ஓட விட்டு அத ஷேர் பண்ணு, உன் போன்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல அதே கால்ல கஸ்டமர் மாதிரி சேரு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இன்னொரு போன்ல போட்டோ எடு. எடுத்தேன். லேப்டாப்ல 14.2, போன்ல 12.6. அதாவது நான் பாக்குற ஸ்கிரீன் அவங்களுக்கு போய் சேர 1.6 செகண்ட். இது வடசேரில, டவர் பக்கத்துல இருக்கும்போது. பேச்சிப்பாறை ரோட்டுல உள்ள ஒரு கடைக்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கிடுங்க.

இதுல இன்னொரு சங்கதி எனக்கு அது வரைக்கும் தெரியாது. குரலும் படமும் ஒண்ணா கட்டி போறது இல்ல, தனித்தனியா போகுது. லைன் மோசமானா கால் ஆப் பெரும்பாலும் குரல காப்பாத்த தான் பாக்கும், படத்த மெதுவாக்கிரும். ஸ்கிரீன் ஷேர்ல எழுத்து தெளிவா இருக்கணும்ங்கறதுக்காக செகண்டுக்கு கொஞ்சம் படம் தான் அனுப்பும், அதுவும் நெட் கொறஞ்சா இன்னும் கொறையும். அப்ப என் குரல் மொதல்ல போய் சேருது, நான் காட்டுறது பின்னாடி ஆடி அசைஞ்சு வருது. கோயில் கொடைல மைக் செட்டுக்காரன் அடுத்த பாட்ட போட்டுட்டான், ஆடுறவன் இன்னும் பழைய பாட்டுல நிக்கான், அந்த மாதிரி தான்.

இதுக்கு நான் மொதல்ல கண்டுபிடிச்ச மருந்து மெதுவா பேசுறது. அது வேலைக்கு ஆகல, ஏன்னா மெதுவா பேசுனாலும் க்ளிக் பண்ற நேரத்துலயே "பாருங்க"ன்னு சொல்லிட்டா அவங்க பாக்குறது பழைய ஸ்கிரீன தான். வேகத்துல பிரச்சனை இல்ல, எந்த வார்த்தை எப்ப விழுதுங்கறதுல தான் பிரச்சனை. என் டெமோ ஒண்ண ரெக்கார்ட் பண்ணி கேட்டப்ப ஒண்ணு புடிபட்டுச்சு. நம்ம தமிழ்ல வினை கடைசில தான வரும், "இந்த சேவ் பட்டனை அமுக்குறேன்"ன்னு சொல்றோம். ஆனா மௌஸ் ஏற்கனவே பட்டன் மேல நிக்குதுல்லா, அதனால "சேவ்"னு வாய் சொன்ன ஒடனே விரல் அமுக்கிருது. "அமுக்குறேன்"னு முடிக்கும்போது என் ஸ்கிரீன்ல பில்லே வந்தாச்சு, என் கண்ணு பில்லுக்கு போயிருது, வாயும் பின்னாலயே பில்ல பத்தி பேச ஆரம்பிச்சிருது. கேக்குறவருக்கு சேவ் பட்டன் எங்கன்னே இன்னும் தெரியல.

அதனால இப்ப என் பழக்கம் இது தான். வினை வாயில இருந்து வெளிய விழுந்தப்புறம் தான் விரல் அசையணும். "இந்த பச்சை பட்டனை அமுக்குறேன்", நிறுத்து, க்ளிக். அப்புறம் என் லேப்டாப்ப பாக்கவே கூடாது, அதே கால்ல சேந்து பக்கத்துல ஸ்டாண்டுல நிக்குற என் போன தான் பாக்கணும். போன்ல பில் வந்து எழுத்து தெளிஞ்சப்புறம் தான் "வந்துருச்சு". அந்த போன்ல சத்தத்தையும் மைக்கையும் கண்டிப்பா ஆஃப் பண்ணிரணும். ஒரு தடவ மறந்து போயி, ஊளை கேட்டு கஸ்டமர் போன தூக்கி எறியாத குறை.

போன பாக்குறதுல ஒரு குறையும் உண்டு. அது என் போன்ல தெரியுது, அவரு போன்ல தெரியுதான்னு காட்டாது. அதனால ஆரம்பத்துல ஒரே ஒரு தடவ கேட்டுக்குவேன், "பச்சை பட்டன் தெரியும்போது தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி"ன்னு. என் போன்ல வந்ததுக்கும் அவரு சொன்னதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு மனசுல எண்ணிக்குவேன், அன்னிக்கு முழுக்க அவ்வளவு கூட்டிக்கிட வேண்டியது தான். ஒவ்வொரு க்ளிக்குக்கும் "தெரியுதா தெரியுதா"ன்னு கேக்குறவங்க உண்டு, அத கேட்டா எனக்கே எரிச்சலா வரும், வாங்க வந்தவருக்கு எப்படி இருக்கும்.

ஒரு என்ட்ரிய எடுத்து சொல்லுதேன். பால் கொண்டு வர்றவருக்கு காசு பால் எடைக்கு கெடையாது, அதுல இருக்குற காஞ்ச ரப்பருக்கு தான், அந்த சதவீதம் தான் டிஆர்சி. 48 கிலோ பால், டிஆர்சி 35, அப்ப காஞ்ச ரப்பர் 16.8 கிலோ, டெமோவுக்குன்னு கிலோ ரேட் 180 வெச்சா 3,024 ரூபா. முன்னாடி நான் மூணு நம்பரையும் சடசடன்னு டைப் பண்ணிட்டு "மூவாயிரத்து இருவத்தி நாலு, பாத்தீங்களா"ன்னு சொல்லிருவேன். அவங்க போன்ல 48 வந்து நிக்கும்போதே நான் மூவாயிரம்னா அவருக்கு என்ன புரியும். இப்ப டைப் பண்றதுக்கு முன்னாடி வாயால மட்டும், "நாப்பத்தெட்டு கிலோ பால் வருது, டிஆர்சி முப்பத்தஞ்சு, காஞ்ச ரப்பர் எவ்வளவு வரும்னு வெச்சுக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு கொஞ்சம் விடுவேன். ரப்பர் கடைக்காரங்க இத மனக்கணக்குலயே போட்டுருவாங்க, முப்பது வருஷமா போடுற கணக்கு. அப்புறம் பேசாம டைப் பண்ணுவேன். நம்பர் போடும்போது நம்பர வாய் சொல்ல கூடாது, ரெண்டுல ஒண்ணு தான். 16.8 ஸ்கிரீன்ல வர்ற நேரத்துல அவரே "பதினாறே முக்காலுக்கு கொஞ்சம் மேல"ன்னு சொல்லியிருப்பாரு. நான் சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்ல.

ரிப்போர்ட் தான் கஷ்டம். வருஷ ஸ்டாக் ரிப்போர்ட் லோடாக ஆறு செகண்ட் எடுக்கும். ரெண்டு மூணு செகண்ட் சும்மா இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க, அதுக்கு மேல போனா "ஹலோ, லைன்ல இருக்கியா"ன்னு வந்துரும். அதனால ஒரு வரி எழுதி வெச்சேன், "இது இந்த வருஷம் நீங்க எடுத்த பால் எல்லாத்தையும் ஆள்வாரியா கூட்டிட்டு வருது". வாட்ச் வெச்சு படிச்சா சரியா அஞ்சே முக்கால் செகண்ட். எனக்கு பெருமை தாங்கல. மறுநாளே ரெண்டு செகண்டுல ரிப்போர்ட் வந்துருச்சு, ஏன்னா டெமோ டேட்டாவ யாரோ அழிச்சு கொறச்சிருக்காங்க. ரிப்போர்ட் வந்து நிக்குது, நான் இன்னும் "ஆள்வாரியா"வுல. அதுக்கப்புறம் அந்த வரிய ரெண்டா ஒடச்சேன், "இந்த வருஷத்து பால் எல்லாத்தையும் கூட்டுது", அதோட நின்னாலும் முழுசு, லேட்டானா மட்டும் "ஆள்வாரியா பிரிச்சு காட்டும்". காத்திருக்குற நேரத்துக்கு எழுதுற வரி எல்லாமே எந்த இடத்துல வெட்டுனாலும் முறியாம இருக்கணும், வாழத்தண்டு மாதிரி.

ஸ்க்ரோல் பண்ணவே கூடாதுன்னு ஒரு சட்டம் எனக்கு நானே போட்டுக்கிட்டேன். ஸ்க்ரோல் பண்ணா முழு ஸ்கிரீனும் ஒரேயடியா மாறுது, லைன் அத தாங்காம ஒரு செகண்டு ரெண்டு செகண்டு எழுத்தெல்லாம் மங்கி அப்புறம் தான் தெளியும். அந்த மங்கல் நேரத்துல நான் சொன்னது எல்லாம் வீண். இப்ப ஸ்கிரீன 150 சதவீதத்துக்கு பெருசாக்கி வெச்சு, ஒரு ஸ்கிரீன்ல அடங்குற மாதிரி டெமோ டேட்டாவயே சின்னதா வெச்சுக்கிட்டேன்.

போன மாசம் குலசேகரத்து அண்ணாச்சியோட பையன் மறுபடி கூப்பிட்டான், அப்பாவுக்கு திரும்ப ஒரு தடவ காட்டுங்கன்னு. பயமாத்தான் இருந்துச்சு. மழை, லைன் படு மோசம், "தெரியுது" வர்றதுக்கு என் போனுக்கு மேல ரெண்டு செகண்ட் ஆச்சு. நானும் ரெண்டு செகண்ட் கூட்டிக்கிட்டேன். அதே 48 கிலோ கணக்குல டிஆர்சி கட்டத்துல 35 போட்டுட்டு வாய மூடிட்டு இருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த பக்கம் கூரைல மழை விழுற சத்தம் மட்டும். லைன் போச்சுன்னு நெனச்சு வாய தொறக்க போனேன்.

"மழைல பால்ல தண்ணி சேந்து டிஆர்சி இருவத்தெட்டுக்கு எறங்குனா என்ன செய்யும்?"

அந்த கேள்விக்கு என்கிட்ட ஸ்கிரிப்ட் இல்ல. 35ஐ அழிச்சு 28 போட்டு, பேசாம போன பாத்துக்கிட்டே இருந்தேன். 13.44. "ஆமா, அவ்வளவு தான் வரும்"னாரு. அப்புறம் அவரே சொல்ல சொல்ல எடை, ரேட்டு, பழைய பாக்கின்னு இருவது நிமிஷம் நான் டைப் மட்டும் தான் பண்ணேன்.