கல்சட்டிப் படத்தில் நிழலை வைப்பதா, நீக்குவதா

சேலத்திலிருந்து மாக்கல் சட்டிகளை வாங்கி இணையத்தில் விற்கும் உறவினர் ஒருவருக்காக, அவற்றைப் படமெடுத்துப் பின்னணியை நீக்கித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். சட்டியை வெட்டியெடுப்பது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. அதன் அடியிலும் வலப்பக்கத்திலும் வெள்ளைத்தாளின் மேல் விழுந்திருந்த நிழலை என்ன செய்வது என்பதில்தான் நெடுநேரம் நின்றேன். “பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்கிறார்கள், நிழலையும் எடுத்துவிடுங்கள், அண்ணா” என்று அவர் சொன்னார். எடுத்துக் காட்டியபோது, “சட்டி அந்தரத்தில் நிற்கிறதே” என்றும் அவரே சொன்னார்.

அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றியதற்குக் காரணம் சட்டியின் வடிவம். கடைந்தெடுத்த அந்தச் சட்டியின் அடி தட்டையாக இல்லை. நடுவில் சிறிதளவே தரையைத் தொட்டு, பிறகு வளைந்து மேலெழுகிறது. தொடும் இடத்தை ஒட்டி ஒரு கரிய, குறுகிய நிழல் இருக்கும். அதிலிருந்து விலகும்போது, அடிக்கும் தாளுக்கும் இடைவெளி கூடக்கூட, நிழலும் வெளிறி மென்மையாகிறது. அடி எவ்வளவு வளைந்திருக்கிறது, அடுப்பில் வைத்தால் எப்படி உட்காரும் என்பதை வாங்குபவருக்குச் சொல்வது அந்த நிழல்தான். இதற்கு நேர்மாறாக, சன்னலிலிருந்து வந்த ஒளியைச் சட்டி மறைத்ததால் வலப்பக்கம் நீண்டு விழுந்த நிழல், சன்னல் எங்கே இருந்தது என்பதைச் சொன்னதே தவிர, சட்டியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ‘நிழல்’ என்று ஒன்றாக எண்ணுவதை விட்டு, தொடு நிழல், விழு நிழல் என இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகே என்னால் முடிவெடுக்க முடிந்தது.

தொடு நிழலை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தாலும், அதைத் தாளிலிருந்து பிரித்தெடுப்பது அடுத்த வேலை. இடப்பக்கச் சன்னலுக்கு அருகில் தாளின் வெளிச்ச அளவு 238 ஆகவும், வலக்கோடியில் 206 ஆகவும் இருந்தது; தூய வெள்ளை என்பது 255. Levels கருவியில் 238ஐ வெள்ளையாக நிர்ணயித்தால், வலப்பக்கத் தாள் 221 அளவில் சாம்பலாகவே தங்கி, பெரியதொரு நிழல்போலத் தெரிகிறது. 206ஐ வெள்ளையாக நிர்ணயித்தால் தாள் முழுவதும் வெளுத்துவிடும்; ஆனால் இடப்பக்கத் தொடு நிழலின் மெல்லிய விளிம்பு 206க்கும் 238க்கும் இடையில்தான் இருக்கிறது என்பதால், அதுவும் சேர்ந்து அழிந்து, சட்டியின் இடப்பக்கம் மட்டும் தரையை விட்டுத் தூக்கியதுபோல் ஆகிவிடும். எந்த ஒற்றை அளவும் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரவில்லை.

இதற்குத் தீர்வாக அமைந்தது வெறுந்தாளின் படம். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, ஒளியளவையும் வெண்சமநிலையையும் கையால் பூட்டி, சட்டியைப் படமெடுத்த உடனேயே அதை மட்டும் அகற்றிவிட்டு, வெற்றுத்தாளை அதே அமைப்பில் ஒருமுறை எடுத்துக்கொள்ள வேண்டும். மேகம் கடந்து வெளிச்சம் மாறிவிட்டால் இரண்டு படங்களும் பொருந்தாது என்பதால், இதில் தாமதம் கூடாது. வலப்பக்கத்தில் ஒளியைத் திருப்பிவிட வைத்திருக்கும் தெர்மாகோல் பலகையையும் நகர்த்தக் கூடாது. பிறகு சட்டிப் படத்தின் மேல் வெறுந்தாள் படத்தை ஓர் அடுக்காக வைத்து, சற்று மங்கலாக்கி, கலப்பு முறையை Divide என மாற்றினால், ஒவ்வொரு புள்ளியும் அதே இடத்துத் தாளின் அளவால் வகுக்கப்படுகிறது. தாள் எங்கும் 255க்கு மிக அருகில் வந்துவிடும். நிழல் மட்டும் தன் உண்மையான அடர்த்தியோடு எஞ்சும். போட்டோஷாப்பிலும் ஜிம்ப்பிலும் இந்த முறை உண்டு. மஞ்சள் சுவரிலிருந்து தெறித்த ஒளியால் நிழலில் லேசான மஞ்சள் படிந்திருந்தது. வகுத்துக் கிடைத்த படத்தை நிழல் அடுக்காக வைத்துக்கொண்டு, அதன் நிறத்தை முழுவதும் நீக்கியதும் அதுவும் போயிற்று.

வகுத்த படத்திலுள்ள சட்டியைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் கல்லின் நிறமும் சேர்ந்து மாறியிருக்கும். மூலப் படத்திலிருந்து பேனா கருவியால் சட்டியின் விளிம்பை வரைந்து வெட்டி, நிழல் அடுக்கின் மேல் வைத்தேன். எண்ணெய் பூசிப் பழக்கிய சட்டி கருமையாக இருப்பதால், அடியில் கல் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்பது தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவிகளுக்குத் தெரிவதில்லை. அவை நிழலின் ஒரு பகுதியைச் சட்டியோடு சேர்த்துக்கொண்டு, அடியில் ஒரு கரிய புடைப்பை உண்டாக்கிவிடுகின்றன. படத்தைத் தற்காலிகமாக வெளிச்சமாக்கிப் பார்த்தால் கல்லின் கடைசல் வரிகள் நிற்கும் இடம் புலப்படும், விளிம்பு அதுதான்.

விழு நிழலைக் குறைத்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அமேசான் போன்ற தளங்களில் முதற்படத்தின் பின்னணி 255 அளவுள்ள தூய வெள்ளையாகவும், பொருள் சட்டத்தில் 85 சதவீதத்தை நிரப்புவதாகவும் இருக்க வேண்டும். நீண்ட நிழலை அப்படியே விட்டால், ஓரங்களைத் தானாகக் கத்தரிக்கும் கருவி நிழலையும் பொருளாகக் கணக்கிடும்; சட்டி இடப்பக்கம் ஒதுங்கிச் சிறியதாகிவிடும். நிழல் சட்டத்தின் ஓரத்தைத் தொட்டால், வெள்ளைப் பக்கத்தில் அந்த இடத்தில் ஒரு நேர்கோடு வெட்டுப்பட்டதுபோல் தெரியும். ஆகவே அடுக்கின் எந்தப் பகுதி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முகமூடி ஒன்றை நிழல் அடுக்கில் இட்டு, தொடு நிழலை முழுமையாக வைத்து, விழு நிழலைச் சட்டியின் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு தூரத்துக்குள் படிப்படியாகக் கரைத்து வெள்ளையாக்கினேன். எஞ்சிய சாம்பல் திட்டுகளைக் கண் பிடிப்பதில்லை. குறித்த அளவுக்குக் கீழுள்ளதையெல்லாம் கருப்பாக்கிக் காட்டும் Threshold அடுக்கை மேலே 254 அளவில் வைத்துப் பார்த்தால் அவை கரும்புள்ளிகளாக வெளிப்பட்டுவிடும்.

உறவினரின் சொந்தத் தளத்தின் பக்கமோ சந்தன நிறம். அங்கே பின்னணியே இல்லாத PNG தேவைப்பட்டது. கீழிருக்கும் நிறத்தைக் கருமையாக்கும் Multiply என்ற கலப்பு முறையில் வைத்த நிழல் அடுக்கு, கோப்பை ஏற்றுமதி செய்யும்போது சந்தன நிறத்தோடு கலக்காது. வெளிறிய சாம்பல் திட்டாகவே போய் உட்காரும். எனவே நிழலை ஒளிபுகும் கருப்பாக மாற்ற வேண்டும். முழுக் கருப்பு அடுக்கு ஒன்றை உருவாக்கி, நிழல் படத்தின் தலைகீழ் நகலை அதன் முகமூடியாக இட்டால் போதும். நிழலில் 120 அளவுள்ள இடம் அப்போது சுமார் 53 சதவீதக் கருப்பாகிறது. பக்கத்தின் நிறம் எதுவானாலும் அதன் வழியே தெரிகிறது. இந்த வேலைக்கு JPEG உதவாது. அதில் ஒளிபுகு தன்மையே இல்லை.

எல்லாப் படத்திலும் நான் நிழலை வைக்கவில்லை. மேலிருந்து நேர்க்கோணத்தில் எடுத்த மரக்கரண்டிகளில், நிழல் கைப்பிடியை இரட்டை விளிம்புள்ளதாகக் காட்டி, அதன் தடிமனைப் பொய்யாகக் கூட்டியது. அங்கே முழுவதும் நீக்கினேன். சன்னல் ஒளியோடு குழல்விளக்கும் எரிந்து, இரு திசைகளில் நிழல் விழுந்த படங்களிலும் அப்படியே செய்தேன், ஏனெனில் ஒன்றை மட்டும் அழித்தால் சட்டியின் மேலிருக்கும் ஒளிப்பொட்டு மற்றதைக் காட்டிக்கொடுக்கும். அவற்றை மீண்டும் எடுப்பதே சரி என்பது என் கருத்து.

பழக்காத சட்டிகளுக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. அவை வெளிர்சாம்பல் நிறத்தில் இருப்பதால், ஒளிபடும் பக்கத்து விளிம்பு வெள்ளையோடு கரைந்துவிடுகிறது. அங்கே தொடு நிழலை இம்மியளவும் குறைக்காமல் விடுகிறேன். ஒரே இணையப் பக்கத்தில் வரிசையாக வரும் சட்டிகள் அனைத்துக்கும் நிழல் ஒரே பக்கம் விழும்படி முதலிலேயே ஒரே மேசையில், ஒரே சன்னலருகில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நிழல் அடுக்கையும் சட்டி அடுக்கையும் பிரித்தே சேமித்து வைப்பதால், தளம் ஒன்று நிழலே கூடாது என்று படத்தைத் திருப்பியனுப்பினாலும் அந்த ஓர் அடுக்கை மறைத்து மறுபடி அனுப்பிவிட முடிகிறது.