மேல் பாதி கறுத்த பீல்டு சார்ட்: இமையா, கிளாக்கோமாவா?

ஆப்டோமெட்ரி பிராக்டிகலில் ஹம்ஃப்ரி பீல்டு சார்ட் ஒன்றை நீட்டி "என்ன தெரியுது?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது சாம்பல் நிறப் படத்தைத்தான். பெரிதாகக் கண்ணில் படுவதும் அதுதான், ஏமாற்றுவதும் அதுதான். சோதித்த புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடத்தை மெஷினே ஊகித்து நிரப்பி வரைந்த படம் அது. வயதுக்கு எவ்வளவு குறைவு என்ற கணக்கு அதில் கிடையாது. தேர்வில் அடிக்கடி வருவது மேல் பாதி கறுத்த சார்ட். அது இமை தொங்கியதால் வந்ததா, கிளாக்கோமாவா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் கேள்வியில் பாதி முடிந்த மாதிரி.

ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் 58 வயது தென்னந்தோப்புக்காரர், வலது கண், 24-2, சிட்டா ஸ்டாண்டர்ட். இடது கண்ணில் குறை எதுவும் இல்லை. மேலே இருக்கும் நம்பகத்தன்மை வரிகளில் பிக்ஸேஷன் லாஸ் 2/14, ஃபால்ஸ் பாசிட்டிவ் 3%, ஃபால்ஸ் நெகட்டிவ் 5%. இந்த மூன்றில் ஃபால்ஸ் பாசிட்டிவுக்கே முதல் மதிப்பு. வெளிச்சம் வராமலே பட்டனை அமுக்கினால் உண்மையான குறையும் மறைந்துவிடும், 15%ஐத் தாண்டினால் அந்த சார்ட்டை நம்பி எதுவும் சொல்லக்கூடாது. ஃபால்ஸ் நெகட்டிவ் மட்டும் கூடியிருப்பதை வைத்து சார்ட்டைத் தள்ளிவிட வேண்டாம், நரம்பு பழுதான கண்ணிலேயே அது கூடி வரும்.

பிக்ஸேஷன் லாஸ் 20%ஐத் தாண்டினால் பக்கத்தில் XX என்று விழும். தமிழக–கேரள எல்லைப் பகுதியில் இதற்குச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு: சொன்னது புரியவில்லை. பாலக்காட்டுப் பக்கத்து நோயாளியிடம் "லைட் தெரிஞ்சா அமுக்குங்க" என்று மட்டும் சொன்னால் அவர் லைட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். தமிழ் பேசுபவர் என்றால் "ஐயா, லைட்டைத் தேடாதீங்க. நடுவுல இருக்கற மஞ்சப் புள்ளிய மட்டும் பாருங்க. ஓரத்துல எங்க மினுங்கினாலும் அமுக்குங்க, சிலது தெரியாமயே போகும், பரவாயில்ல" என்று சொல்லுங்கள். மலையாளம் பேசுபவர் என்றால் "நடுவிலுள்ள மஞ்ஞ லைற்றில் மாத்ரம் நோக்கணும்" என்ற ஒரு வரியாவது வேண்டும். "சிலது தெரியாது" என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்துபோய்ச் சும்மாவே அமுக்குவார்கள்.

இப்போது நேராக பேட்டர்ன் டீவியேஷனின் ப்ராபபிலிட்டி படத்துக்குப் போங்கள். புரைபோல ஒட்டுமொத்தமாக மங்கச் செய்யும் குறையைக் கழித்துவிட்டு, அந்தந்த இடத்துக்கு மட்டும் உரிய குறையை இது காட்டும். டோட்டல் டீவியேஷன் முழுக்கக் கறுத்து, பேட்டர்ன் டீவியேஷன் சுத்தமாக இருந்தால் முதலில் லென்ஸைப் பாருங்கள். முற்றிய கிளாக்கோமாவில் மட்டும் இந்தக் கழித்தல் தலைகீழாகிவிடும்: கண் முழுக்கக் குறைந்துபோயிருப்பதால் பேட்டர்ன் படம் ஓரளவு சுத்தமாக நின்று ஏமாற்றும். அப்போது டோட்டல் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

நம் சார்ட்டில் கறுத்த புள்ளிகள் இடப்பக்க மேல் கால்பகுதியில் கூடி நிற்கின்றன. வலது கண்ணில் இடப்பக்கம் என்பது மூக்குப் பக்கம். பிளைண்ட் ஸ்பாட் வலது ஓரம் 15 டிகிரியில் இருப்பதைப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளலாம். கிடைக்கோட்டை ஒட்டிய மேல் வரிசையில், மூக்கு முனையில் 8 டெசிபல், அடுத்ததில் 12. கோட்டுக்குக் கீழே அதே இடங்களில் 25, 27. ஒவ்வொரு ஜோடியிலும் மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் இடையே வெறும் 6 டிகிரி இடைவெளி. கோட்டைத் தாண்டியதும் 15, 17 டெசிபல் குதிக்கிறது. இதுதான் நேசல் ஸ்டெப்.

ஏன் கோட்டில் சரியாக நிற்கிறது? விழித்திரையின் டெம்போரல் பக்கத்திலிருந்து வரும் நரம்பு இழைகள் மேக்குலாவைக் குறுக்கே கடக்காமல் மேலும் கீழுமாக வளைந்து பார்வை நரம்பு வட்டுக்குப் போகின்றன. அவை கிளம்பும் கிடைக்கோட்டுக்கு ராபே என்று பெயர். மேல் இழைகளும் கீழ் இழைகளும் அங்கே கலப்பதில்லை. வட்டின் கீழ் விளிம்பில் ஒரு கட்டு இழை போனால், பீல்டில் மேல் பாதியில் மட்டும் ஒரு வளைவு கறுக்கும், மூக்குப் பக்கம் கிடைக்கோட்டில் வெட்டியது போல நிற்கும்.

இமை தொங்கிய சார்ட் எப்படி இருக்கும்? உச்சி வரிசையின் நான்கு புள்ளிகளும் அதற்கடுத்த வரிசையும் இடது வலது பாராமல் குறைந்திருக்கும். கீழே இறங்க இறங்கக் குறை தேய்ந்து, கிடைக்கோட்டை ஒட்டிய புள்ளிகள் நன்றாகவே இருக்கும். இமையால் மேலிருந்துதான் மறைக்க முடியும், அதற்குக் கிடைக்கோடு தெரியாது. நம் சார்ட்டில் குறையின் ஆழம் கோட்டை ஒட்டித்தான் அதிகம், உச்சி வரிசையில் இரண்டு புள்ளிகள் மட்டும் 5% அளவில் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் இமைமேல் பழி போட முடியாது. சந்தேகம் இருந்தால் மேல் இமையை டேப்பால் தூக்கி ஒட்டி, கண் காயாமல் இடையிடையே நிறுத்தி, மறுபடி எடுங்கள். டேப் போட்டதும் மறைந்தால் இமை. இன்னொரு ஏமாற்று ட்ரையல் லென்ஸின் விளிம்பு. முகம் பின்னால் போனால் ஓரப் புள்ளிகள் திடீரென்று 0 டெசிபலுக்கு விழும், பக்கத்துப் புள்ளி நார்மலாக இருக்கும்.

எண்ணிப் பார்க்கவும் ஒரு விதி இருக்கிறது, ஹோடாப்–பாரிஷ்–ஆண்டர்சன் விதி. கிளாக்கோமாவுக்கு உரிய இடத்தில், ஒன்றையொன்று ஒட்டிய குறைந்தது மூன்று புள்ளிகள் 5%க்குக் கீழே, அதில் ஒன்றாவது 1%க்குக் கீழே. அல்லது பேட்டர்ன் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எனும் பி.எஸ்.டி.யின் ப்ராபபிலிட்டி 5%க்குக் கீழே. அல்லது மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒப்பிடும் GHT வரியில் Outside Normal Limits. எதுவானாலும் அடுத்த சோதனையிலும் அதே இடத்தில் வர வேண்டும். 30-2 சார்ட்டில் வெளிவட்டப் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். 24-2வில் அந்த வட்டமே எடுக்கப்பட்டுவிட்டது, மூக்கு முனைப் புள்ளிகள் இரண்டு மட்டும் மீதி. நம் சார்ட்டில் மூக்குப்பக்கம் எட்டுப் புள்ளிகள் ஒட்டி நிற்கின்றன, அதில் நான்கு 0.5%. பி.எஸ்.டி. 4.6 டெசிபல், GHTயும் வெளியே. மொத்தச் சராசரிக் குறையான எம்.டி. மைனஸ் 3.1 டெசிபல். மைனஸ் 6ஐ விட நல்லதாக இருந்தால் ஆரம்ப நிலை என்று எழுதலாம்.

முதல் சார்ட்டை வைத்து முடிவு சொல்லாதீர்கள். முதல் முறை உட்காருபவருக்கு ஓரமெல்லாம் குறைந்து வருவது சகஜம், இரண்டாவதில் தேறிவிடும். ஒரே இடம் இரண்டிலும் கறுத்தால்தான் அது குறை.

பிறகு வட்டைப் பாருங்கள். வலது கண்ணில் மேல் மூக்குப்பக்கக் குறைக்கு ஜோடி, வட்டில் 7 மணி திசையில் விளிம்பு மெலிவோ வெட்டோ. அங்கே ஒன்றும் இல்லாமல் பீல்டு மட்டும் கறுத்திருந்தால், விழித்திரையில் கிளை ரத்தக்குழாய் அடைப்பின் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள், அதுவும் வளைவுக் குறை தரும். குறை நிற்கும் கோடு கிடைக்கோடாக இல்லாமல் செங்குத்துக் கோடாக இருந்தால், இரண்டு கண் சார்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நரம்பியல் பக்கம் அனுப்ப வேண்டும்.

இந்தச் சார்ட்டில் மையத்துக்கு மிக அருகில் மேலே 3 டிகிரியில் இருக்கும் மூக்குப்பக்கப் புள்ளியும் 2% குறியோடு நிற்கிறது. அதனால் 10-2 எடுக்கச் சொல்லி எழுதுங்கள். 24-2வில் மைய 10 டிகிரிக்குள் 12 புள்ளிகள்தான், 10-2வில் 2 டிகிரி இடைவெளியில் 68.